இது தவளையா, தேரையா?

கோடை முடிந்து முதல் மழை பெய்து ஓய்ந்த இரவில் தெருவிளக்கின் அடியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஈசல் மொய்க்கும் அந்த வெளிச்சத்துக்குள் மண் நிறத்தில் குண்டாக ஒன்று உட்கார்ந்திருக்கும். கிட்டே போனாலும் அதற்கு அவசரமில்லை. இரண்டு தத்து தத்தி நகர்ந்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும். அதே இரவில் வயல் வரப்பில் நடந்தால் கதையே வேறு. காலடிச் சத்தம் கேட்டதுமே ஒன்று எம்பிப் பாய்ந்து 'தொப்'பென்று தண்ணீரில் விழுந்து காணாமல் போகும். தெருவிளக்கடியில் இருந்தது தேரை. வரப்பிலிருந்து பாய்ந்தது தவளை.

இரண்டையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்கு நான்கு அடையாளங்களைச் சொல்லித்தருவது வழக்கம். தவளையின் தோல் வழுவழுப்பு, தேரையின் தோல் சொரசொரப்பு. தவளைக்குக் கால் நீளம், தேரைக்குக் குட்டை. தவளையின் முட்டை கூட்டமாக இருக்கும், தேரையின் முட்டை சரமாக இருக்கும். தவளை தண்ணீரில், தேரை தரையில். பிள்ளைகள் இதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள். மறுநாள் குளியலறைச் சுவரில் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் குழப்பம் வந்துவிடும். தோல் வழுவழுவென்றிருக்கிறது, ஆனால் அது தண்ணீரில் இல்லையே!

நான்கு அடையாளங்களையும் தனித்தனியாகப் படிப்பதால் வரும் குழப்பம் இது. அவற்றுக்குப் பின்னால் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: இந்தப் பிராணி தண்ணீரை விட்டு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் விலகி இருக்கிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் தோல், கால், இருப்பிடம் மூன்றும் தாமாகவே புரியும். முட்டை ஏன் இதில் சேராது என்பதும் விளங்கும்.

உதாரணத்துக்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒன்று, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டு வாசல்வரை வரும் ஊர்த்தேரை. பல ஊர்களில் இதைச் சொறித்தவளை என்பார்கள். இன்னொன்று, வயலிலும் குளத்திலும் இருக்கும் பெரிய காளைத்தவளை. பச்சையும் பழுப்பும் கலந்த உடம்பு, பெரும்பாலும் முதுகின் நடுவே மூக்கிலிருந்து பின்பக்கம்வரை ஒரு வெளிர்மஞ்சள் கோடு. மழைக்காலத்தில் ஆண் தவளை பளிச்சென்ற மஞ்சளாக மாறி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகளை உப்பிக் கத்தும்.

தோல்

தவளைக்கு நுரையீரல் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. தோல் வழியாகவும் அது காற்றை எடுத்துக்கொள்கிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் அது நடக்கும். அதனால் தவளையின் உடம்பு எப்போதும் ஒரு வழவழப்பான நீரைச் சுரந்து தோலை ஈரமாக வைத்திருக்கிறது. தவளையைப் பிடித்தால் கை வழுக்குவது இதனால்தான். வெயிலில் தோல் காய்ந்துபோனால் தவளை செத்துவிடும். வீட்டுக்குள் வந்த தவளையை விரட்டச் சிலர் உப்பைத் தூவுவதுண்டு. உப்பு அதன் தோல் வழியே உடம்பின் நீரை இழுத்துவிடும். அது விரட்டுவது அல்ல, வதைப்பது.

தேரையின் தோல் தடிப்பானது, தொட்டால் காய்ந்திருக்கும். டார்ச் வெளிச்சத்தில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதுகு முழுக்கச் சின்னதும் பெரிதுமாகக் கொப்புளங்கள் இருக்கும். பலவற்றின் நுனி கறுப்பாக இருக்கும். கண்ணுக்கு மேலே ஓரத்தில் கறுப்பான எலும்பு வரம்பு ஒன்று ஓடும். கால் விரல்களின் நுனியும் கறுத்திருக்கும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான அடையாளம் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணை அடுத்து வட்டமாகத் தெரிவது செவிப்பறை. அதற்கு மேலே பின்பக்கமாக, தோளை நோக்கி நீண்டு புடைத்த ஒரு மேடு தலையின் இரு பக்கமும் இருக்கும். அது நச்சுச் சுரப்பி. நாய் ஒன்று தேரையைக் கவ்வினால் இந்த மேட்டிலிருந்து பால் நிறத்தில் ஒரு திரவம் கசியும். நாய் உடனே தேரையைத் துப்பிவிட்டு வாயில் நுரை தள்ளும். அப்படி நடந்தால் நாயின் வாயைத் தண்ணீரால் கழுவி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். காளைத்தவளைக்கு இந்த மேடு கிடையாது.

தேரையைத் தொட்டால் கையில் மரு வரும் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அது உண்மையில்லை. மனிதருக்கு வரும் மருவுக்குக் காரணம் ஒரு வைரஸ். அது தேரையிடம் இருந்து வருவதில்லை. தேரையின் முதுகில் இருப்பவை மருக்களும் அல்ல, அதன் தோலோடு பிறந்த சுரப்பிகள்தான். ஆனாலும் அந்தப் பால் கண்ணில் பட்டால் எரியும். எனவே தொட்டுவிட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தடித்த தோல் இருப்பதால் தேரைக்குத் தண்ணீரே தேவையில்லை என்று நினைத்துவிடக்கூடாது. அதன் தோல் வழியாகவும் ஈரம் போகத்தான் செய்கிறது. அதனால்தான் பகல் முழுக்கப் பூந்தொட்டிக்கு அடியிலோ, கல் இடுக்கிலோ, விறகுக் குவியலிலோ பதுங்கிக் கிடந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வெளியே வருகிறது. தவளையும் தேரையும் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தரையில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்தால் அடிவயிற்றுத் தோலும் தொடைத் தோலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிய செடித்தொட்டியில் தேரை புதைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், அது தாகம் தீர்த்துக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லலாம்.

கால்

தண்ணீரோரம் வாழும் தவளைக்கு ஆபத்து வந்தால் ஒரே வழிதான்: பாய்ந்து நீருக்குள் போய்விட வேண்டும். அதற்காகவே அதன் பின்னங்கால்கள் நீண்டு, தொடை பருத்து இருக்கின்றன. உட்கார்ந்திருக்கும்போது அவை மடிந்து கிடப்பதால் நீளம் தெரியாது. நீந்தும்போது பாருங்கள், கால்களை முழுக்க நீட்டி உதைக்கும்போது உடம்பைவிடக் கால் நீளம் என்பது தெரியும். பின்னங்கால் விரல்களுக்கு இடையே சவ்வு இருக்கும். காளைத்தவளைக்கு இந்தச் சவ்வு ஏறக்குறைய விரல் நுனிவரை வந்துவிடும். ஒவ்வோர் உதைக்கும் அது விரிந்து தண்ணீரைத் தள்ளும்.

அந்தப் பருத்த தொடையே தவளைக்கு வினையாகவும் போனது. காளைத்தவளையின் கால்கள் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து டன் கணக்கில் வெளிநாட்டுக்கு உணவாக ஏற்றுமதியாயின. 1987இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

தேரைக்குப் பாய்ந்தோட வேண்டிய அவசியம் குறைவு. அதனிடம் நஞ்சு இருக்கிறது. கால்கள் குட்டையானவை. சின்னச் சின்னதாகத் தத்தும். பல நேரங்களில் தத்தாமல் நாலு காலையும் மாற்றி மாற்றி வைத்து நடக்கவே செய்யும். சவ்வு உண்டு, ஆனால் விரலில் பாதியளவுக்குத்தான். எதிரி நெருங்கினால் ஓடுவதற்குப் பதில் உடம்பைக் காற்றால் உப்பிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, நச்சு மேடுகள் எதிரியின் பக்கம் இருக்கும்படி நிற்கும். கையில் எடுத்தால் சிறுநீர் கழித்துவிடும். அந்த நீர் பெரும்பாலும் அது சேமித்து வைத்திருந்த தண்ணீர். வறண்ட நாட்களில் உடம்பு காயாமல் இருக்கச் சிறுநீர்ப்பையில் நீரைத் தேக்கி வைப்பது தேரையின் வழக்கம். வேடிக்கைக்காக அதைத் தூக்கினால் அந்தச் சேமிப்பைப் பறித்ததாக ஆகிவிடும்.

முட்டை

தோலிலும் காலிலும் தண்ணீரை விட்டு விலகப் பழகிய தேரை, முட்டையில் மட்டும் விலக முடியவில்லை. தவளை முட்டைக்கும் தேரை முட்டைக்கும் ஓடு கிடையாது. வழவழப்பான கூழ்மம்தான் உறை. வெளியே வைத்தால் காய்ந்துவிடும். அதனால் ஆண்டு முழுக்கத் தெருவிலும் தோட்டத்திலும் திரிந்த தேரை, மழை வந்ததும் குட்டையைத் தேடிப் போகிறது.

இருவரும் ஒரே குட்டைக்குப் போனாலும் முட்டையிடும் விதம் வேறு. பெண் தேரை முட்டைகளைச் சரமாக விடும். ஒளி ஊடுருவும் கூழ்மக் குழாய்க்குள் கறுப்பு முட்டைகள் வரிசையாக, பாசிமணி கோத்த நூல் போல இருக்கும். உடம்புக்குள் முட்டை வரும் குழாய்கள் இரண்டு என்பதால், ஒரே நேரத்தில் இரண்டு சரங்கள் வெளிவரும். குட்டைக்குள் அது நகர நகர, சரங்கள் நீர்ச்செடியிலும் குச்சியிலும் சுற்றிக்கொள்ளும். சரம் பல அடி நீளம்கூட இருக்கும். முட்டைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

தவளைகள் இப்படிச் சரம் விடுவதில்லை. சில குவியலாக இடும். சில நீரின் மேற்பரப்பில் ஒற்றை அடுக்காகப் படலம் விரித்துவிடும். மழைக்குட்டையின் மேலே மிளகைவிடச் சிறிய புள்ளிகளாகப் பரவிக் கிடப்பது பெரும்பாலும் குறுவாய்த் தவளை என்ற சின்னஞ்சிறு தவளையின் முட்டைகளாக இருக்கும். அதன் தலைப்பிரட்டைகள் கண்ணாடி நிறம், உடம்புக்குள் இருப்பது வெளியே தெரியும்.

தலைப்பிரட்டையை வைத்தும் ஓரளவு சொல்லலாம். ஊர்த்தேரையின் தலைப்பிரட்டைகள் சிறியவை, கன்னங்கறுப்பு. ஆழமில்லாத ஓரத்தில் கூட்டமாக மொய்க்கும். காளைத்தவளையின் தலைப்பிரட்டைகள் பெரியவை, பழுப்பு நிறம். அவை மற்றத் தலைப்பிரட்டைகளையே பிடித்துத் தின்னும். இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்தால் மறுநாள் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

சரமாக இருந்தால் தேரை என்பது நம் ஊர்க் குட்டைகளில் நம்பகமான அடையாளம். ஒரே சிக்கல், அது ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே கிடைக்கும். நல்ல மழைக்கு அடுத்த நாள் காலையில் போனால் பார்க்கலாம். சில நாட்கள் கழித்துப் போனால் முட்டைகள் பொரிந்து, சரம் கரைந்து போயிருக்கும்.

இருக்கும் இடம்

இருப்பிடத்தை வைத்து முடிவு செய்வதுதான் எல்லோருக்கும் சுலபம். ஏமாறுவதும் அங்கேதான். கிணற்றிலோ குளத்திலோ தலையை மட்டும் வெளியே நீட்டி மிதந்து, கல்லெறிந்தால் நீரின் மேலேயே தத்தித் தத்தி ஓடும் சிறிய பிராணி தவளைதான். வாசலில் விளக்கடியில் பூச்சி தின்றுகொண்டு குந்தியிருப்பது பெரும்பாலும் தேரைதான். இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் குழப்பம். மழைக்கால இரவில் தேரை குட்டைக்குள் இருக்கும். அதே இரவில் தவளை சாலையைக் கடந்துகொண்டிருக்கும். அதனால் இடம் என்பது ஒரு சாட்சி மட்டுமே, தீர்ப்பு அல்ல.

குழப்பும் மூவர்

முதல் ஆள், குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளை. சில ஊர்களில் இதையே தேரை என்று சொல்லும் பழக்கம் இருப்பதால் பிள்ளைகளுக்குக் குழப்பம் இரட்டிப்பாகும். பெயரை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். தோலில் கொப்புளம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் புடைத்த மேடு இல்லை. கால்கள் ஒல்லியாக நீண்டவை. விரல் நுனி ஒவ்வொன்றும் வட்டத் தட்டையாக அகன்றிருக்கும். அதனால்தான் ஓடு பதித்த சுவரில்கூட வழுக்காமல் ஏறுகிறது. இது தவளை. இதன் முட்டை இன்னும் வேடிக்கையானது. தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரிலோ, குட்டைக்கு மேலே தொங்கும் இலையிலோ கால்களால் கூழை அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். வெளி நுரை காய்ந்து உள்ளே ஈரத்தைக் காக்கும். பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் சொட்டும். தொட்டிச் சுவரில் வெள்ளை நுரையைப் பார்த்தால் சோப்பு நுரை என்று கழுவிவிடாதீர்கள்.

இரண்டாவது ஆள், வயலில் காணும் சிறிய பழுப்புத் தவளை. முதுகில் நீளவாக்கில் சின்னச் சின்ன மடிப்புகள் இருப்பதால் தோல் சொரசொரப்பாகத் தெரியும். 'சொரசொரப்பு, ஆகவே தேரை' என்று பிள்ளை எழுதிவிடும். நச்சு மேடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லை. கிட்டே போனதும் ஒரே பாய்ச்சலில் நீரில் குதிக்கும். தவளைதான்.

மூன்றாவது ஆள்தான் கெட்டிக்காரர். பள்ளித் தோட்டத்தில் மழைக்குப் பின் பாத்தி கொத்தும்போது மண்ணுக்குள்ளிருந்து உருண்டையாக ஒன்று வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"டீச்சர், சொறித்தவளை!" என்கிறாள் ஒரு சிறுமி.

"எதை வெச்சுச் சொல்றே?"

"குண்டா இருக்கு, கால் குட்டையா இருக்கு, தண்ணியில இல்ல. மூணும் சரியா இருக்கே!"

அவள் சொன்ன மூன்றும் சரி. முடிவு மட்டும் தப்பு. இப்போது தோலுக்குப் போவோம். உடம்பில் பழுப்புப் புள்ளிகள் உண்டு, கறுப்பு நுனி வைத்த கொப்புளங்கள் இல்லை. கண்ணுக்கு மேலே எலும்பு வரம்பு இல்லை. கண்ணுக்குப் பின்னால் நச்சு மேடு இல்லை. பின்னங்காலைப் பார்த்தால் பாதத்தின் உள்ளோரத்தில் விளிம்பு கூர்ந்த ஒரு கெட்டி மேடு தெரியும். அதைத் தரையில் கீழே விட்டால், இரண்டு கால்களாலும் மண்ணை மாற்றி மாற்றித் தள்ளி, பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். இது வளை தோண்டும் தவளை. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் ஈரத்தைத் தேடிக் கிடந்துவிட்டு, மழையில் வெளியே வந்து குட்டையில் முட்டையிடும். கால் குட்டையாக இருப்பது தோண்டுவதற்கு. தண்ணீரை விட்டு விலகி வாழ்வதில் தேரை ஒரு வழியைக் கண்டது, இது வேறு வழியைக் கண்டது. வாழ்க்கை ஒன்றுபோல ஆனதால் தோற்றமும் ஒன்றுபோல ஆகிவிட்டது.

மறுபக்கமும் விதிவிலக்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மலபார் மரத்தேரை என்று ஒன்று இருக்கிறது. மரத்தில் ஏறும், விரல் நுனியும் அகன்றிருக்கும். இடத்தையும் விரலையும் மட்டும் பார்த்தால் மரத்தவளை என்றே சொல்லிவிடுவோம். ஆனால் கண்ணுக்குப் பின்னால் அதே நச்சு மேடு.

பார்க்கும் வரிசை

ஆக, பிள்ளைகளுக்கு நான்கு அடையாளங்களையும் கற்றுக்கொடுக்கலாம். வரிசையை மட்டும் மாற்ற வேண்டும். கண்ணுக்குப் பின்னால் மேடு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, முதுகில் கறுப்பு நுனிக் கொப்புளங்கள். மூன்றாவது, பாய்கிறதா, தத்துகிறதா, நடக்கிறதா. பக்கத்தில் குட்டை இருந்தால் சரம் உண்டா என்று தேடலாம். எங்கே பார்த்தோம் என்பதைக் கடைசியாக எழுதிக்கொள்ளலாம். இதற்குத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்தால் எல்லாம் தெரியும். முட்டைச் சரத்தைக் கையில் எடுக்காமல் குட்டைக்குள்ளேயே பார்க்க வேண்டும்.

இந்த வரிசையும் ஓர் இடத்தில் உதவாது. தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து அப்போதுதான் கரையேறிய குஞ்சுகள் விரல் நகம் அளவுதான் இருக்கும். அவற்றில் கொப்புளமோ எலும்பு வரம்போ நச்சு மேடோ தெளிவாகத் தெரியாது. குட்டை ஓரத்தில் நூற்றுக்கணக்கில் கறுப்புப் பொடிகளாகத் தத்திக்கொண்டிருந்தால் தேரைக் குஞ்சாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நேரத்தில் நோட்டில் என்ன எழுதுவது? விலங்கியல் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. வாலில்லாத இந்த நீர்நில வாழ்விகள் எல்லாவற்றையும் அறிவியலாளர்கள் ஒரே பெரும் பிரிவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவுக்குப் பொதுப்பெயர் தவளைகள். அதற்குள் பல குடும்பங்கள். அவற்றில் ஒரு குடும்பம்தான் தேரைகள். அதாவது, எல்லாத் தேரைகளும் தவளை இனத்தைச் சேர்ந்தவைதான். எல்லாத் தவளைகளும் தேரை ஆகிவிடாது. எனவே சந்தேகம் தீராதபோது பிள்ளை 'தவளை' என்று எழுதினால் ஆசிரியர் அதைத் தப்பு என்று அடிக்கத் தேவையில்லை. 'தேரை' என்று எழுதியிருந்தால் மட்டும், கண்ணுக்குப் பின்னால் பார்த்தாயா என்று கேட்க வேண்டும்.